லிட்டர் சொல்லாத அளவு

நுழையும்முன்

கடையில் அடுக்கி வைக்கப்பட்டுள்ள மின்அடுப்புகளின் அட்டைப்பெட்டிகளில் பெரிய எழுத்தில் காணப்படுவது லிட்டர் என்னும் அளவு. "எங்கள் வீட்டில் ஐந்து பேர், எத்தனை லிட்டர் வாங்கலாம்?" என்பதே பெரும்பாலோர் கேட்கும் முதல் கேள்வி. ஆனால், 4 லிட்டர் காற்றுப் பொரிப்பானும் 20 லிட்டர் நுண்ணலை அடுப்பும் 28 லிட்டர் ஓ.டி.ஜி.யும் அந்த ஒரே சொல்லால் மூன்று வெவ்வேறு செய்திகளைச் சொல்கின்றன. அச்செய்திகளைப் பிரித்தறிந்து, அடுப்பில் சமைத்துப் பழகிய ஒரு குடும்பம் தனக்கேற்ற கருவியைத் தேர்ந்தெடுக்கும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

வெப்பம் செல்லும் வழி

எரிவாயு அடுப்பில் வெப்பம் கீழிருந்து மேலே செல்கிறது. தீ முதலில் பாத்திரத்தின் அடியைச் சூடாக்குகிறது. அங்கிருந்து தண்ணீரோ எண்ணெயோ ஆவியோ அந்த வெப்பத்தை உணவிடம் கொண்டு சேர்க்கிறது. சோறு வடித்தல், இட்லி அவித்தல், குழம்பு கொதிக்கவைத்தல், கறிவேப்பிலை தாளித்தல், அப்பளம் பொரித்தல் ஆகிய எல்லாம் இந்த ஒரே வழியின் வேறுபாடுகளே. சமைப்பவர் பாத்திரத்திற்குள் பார்க்கிறார், மணத்தை நுகர்கிறார், கரண்டியால் கிளறுகிறார், வேண்டும்போது தீயைக் குறைக்கிறார். கடுகு வெடிக்கும் ஓசையே அவருக்குக் கடிகாரம்.

நாம் காணப்போகும் மூன்று கருவிகளும் மூடிய பெட்டிகள். அவற்றில் வெப்பம் செல்லும் வழி வேறு. நுண்ணலை அடுப்பு உணவில் உள்ள நீரைச் சூடாக்குகிறது. கடைகளில் ஏர் ஃபிரையர் என வழங்கப்படும் காற்றுப் பொரிப்பான், சூடான காற்றை விசையுடன் உணவின் மேற்பரப்பில் மோதச் செய்கிறது. ஓவன், டோஸ்டர், கிரில்லர் என்னும் மூன்று சொற்களின் முதலெழுத்துகளால் ஓ.டி.ஜி. என அழைக்கப்படும் கருவி, மேலும் கீழும் உள்ள கம்பிகள் பழுக்கக் காய்வதால் எழும் அனலில் உணவைச் சுடுகிறது. வெப்பம் செல்லும் வழி மாறுவதால் உணவின் எந்த அளவு அதைக் கட்டுப்படுத்துகிறது என்பதும் மாறுகிறது. நுண்ணலை அடுப்பில் உணவின் எடையையும், காற்றுப் பொரிப்பானில் அதன் பரப்பையும், ஓ.டி.ஜி.யில் அது வைக்கப்படும் தட்டையும் முதலில் பார்க்க வேண்டும். இவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

நுண்ணலை அடுப்பு: எடையே அளவு

நுண்ணலை அடுப்பினுள் மேக்னட்ரான் என்னும் குழல் உள்ளது. அது வானொலி அலைகளின் இனத்தைச் சேர்ந்த, நொடிக்கு ஏறத்தாழ 245 கோடி முறை அதிரும் அலைகளை உருவாக்குகிறது. இவ்வலைகள் உணவினுள் சில சென்டிமீட்டர் ஆழம் வரை ஊடுருவி, அங்குள்ள நீர் மூலக்கூறுகளை அலைக்கழிக்கின்றன. அந்த அலைக்கழிப்பே வெப்பமாகிறது. கண்ணாடியும் பீங்கானும் அலைகளை ஊடுருவ விடுவதால், அவை உணவின் சூட்டினால் மட்டுமே சூடேறுகின்றன.

உருவாகும் வெப்பம் ஒரே அளவினதாகையால், உணவு கூடினால் நேரமும் அதே விகிதத்தில் கூடும். ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒரு கிராம் தண்ணீரின் வெப்பநிலையை 1° செல்சியஸ் உயர்த்த ஏறத்தாழ 4.2 ஜூல் ஆற்றல் தேவை. 30° வெப்பநிலையில் உள்ள 250 கிராம் தண்ணீரை 100° வரை கொண்டு செல்ல 73,500 ஜூல் வேண்டும். 800 வாட் வெளியீடு உள்ள அடுப்பு நொடிக்கு 800 ஜூல் தருவதால், இதற்கு ஏறத்தாழ 92 நொடி ஆகும். அதே தண்ணீர் 2 லிட்டராக இருந்தால் 12 நிமிடத்திற்கும் மேலாகும். நடைமுறையில் பாத்திரமும் சிறிது வெப்பத்தை எடுத்துக்கொள்வதால் இன்னும் கூடுதலாகவே ஆகும்.

ஒரு குவளைப் பால் ஒன்றரை நிமிடத்தில் காய்கிறது. ஐந்து பேருக்கான சாம்பாரோ கால்மணி நேரத்தை நெருங்குகிறது. முன்னதில் இக்கருவி அடுப்பை வெல்கிறது. பின்னதில் அடுப்புக்கு இணையாகக்கூட வருவதில்லை. எனவே, ஒருவருக்கோ இருவருக்கோ உரிய உணவைச் சூடாக்குவதே நுண்ணலை அடுப்பின் இயல்பான பணி எனலாம்.

அப்படியானால் பெட்டியில் எழுதப்பட்டுள்ள 20 லிட்டர் எதைக் குறிக்கிறது? உள்ளறையின் மொத்தக் கன அளவையே அது குறிக்கிறது. அதில் 20 லிட்டர் உணவு வைப்பார் எவருமில்லை. வாங்குவோர் பார்க்கவேண்டியது உள்ளே சுழலும் கண்ணாடித் தட்டின் விட்டத்தை. 20 லிட்டர் அடுப்பில் அது பெரும்பாலும் 25 செ.மீ. அளவில் இருக்கும். சாப்பாட்டுத் தட்டு ஒன்று அதில் அமரும். செவ்வகப் பாத்திரமாயின் அதன் நீளத்தை அல்லாமல் மூலைவிட்டத்தை அளக்க வேண்டும். 24 செ.மீ. நீளமும் 18 செ.மீ. அகலமும் கொண்ட பாத்திரத்தின் மூலைவிட்டம் 30 செ.மீ. ஆகும். அது உள்ளே நுழைந்துவிட்டாலும், சுழலும்போது மூலைகள் சுவரில் முட்டி நின்றுவிடலாம்.

தட்டு ஏன் சுழல வேண்டும்? உள்ளறையின் சுவர்களில் பட்டுத் திரும்பும் அலைகள் சில இடங்களில் வலுத்தும் சில இடங்களில் மெலிந்தும் அமைகின்றன. உணவு நின்ற இடத்திலேயே நின்றால் ஒரு பகுதி கொதிக்கும். மற்றொரு பகுதி குளிர்ந்தே இருக்கும். தட்டு சுழன்றாலும் இக்குறை முழுமையாக நீங்குவதில்லை. சோற்றைக் குவித்து வைத்தால் ஓரம் ஆவி பறக்க, நடுப்பகுதி சில்லென்று இருப்பதைக் காணலாம். சோற்றைப் பரப்பி, நடுவில் சிறு குழி செய்து, சிறிது தண்ணீர் தெளித்து மூடி, பாதி நேரத்தில் ஒருமுறை கிளறிவிடுவதே இதற்குத் தீர்வு. இட்லியையும் இவ்வாறே நீர் தெளித்து மூடி, அரை நிமிடம் அளவில் சூடாக்கினால் போதும். நேரம் மிகுந்தால் ஈரம் வெளியேறி, இட்லி இறுகிவிடும்.

இக்கருவியால் இயலாதது ஒன்று உண்டு. உணவில் நீர் இருக்கும்வரை அதன் வெப்பநிலை 100° அளவிலேயே நிற்கும். உணவின் மேற்பரப்பு பொன்னிறமாகி மணம் எழ, ஏறத்தாழ 140° அல்லது அதற்கு மேற்பட்ட சூடு வேண்டும். ஆகவே, சூடாக்குதலையும் வேகவைத்தலையும் மட்டும் செய்யும் 'சோலோ' வகை அடுப்பில் வறுவலோ முறுகலோ கிடைக்காது. முறுகிய வடையை அதில் வைத்தால் மெத்தென்று ஆகிவிடுவதற்கும் இதுவே காரணம்.

காற்றுப் பொரிப்பான்: பரப்பே அளவு

காற்றுப் பொரிப்பானின் மேற்பகுதியில் சூடேறும் கம்பிச்சுருளும் அதன் மேல் ஒரு விசிறியும் உள்ளன. விசிறி, 180° முதல் 200° வரை சூடேறிய காற்றைச் சிறிய அறைக்குள் விரைந்து சுழலச் செய்கிறது. காற்று உணவின் மேற்பரப்பில் உள்ள ஈரத்தைக் கவர்ந்து செல்வதால் அப்பரப்பு உலர்ந்து, சிவந்து, முறுகுகிறது. எண்ணெயில் பொரிக்கும்போது எண்ணெய் செய்யும் பணியை இங்குக் காற்று செய்கிறது. ஆனால், எண்ணெய் உணவை எல்லாப் பக்கமும் தழுவுவதுபோலக் காற்று தழுவுவதற்கு, உணவுத் துண்டுகளுக்கு இடையே வழி இருக்க வேண்டும்.

ஆகவே, இக்கருவியில் கூடையின் ஆழத்தை விட அதன் அடிப்பரப்பே முதன்மையானது. 4 லிட்டர் கூடையை விளிம்பு வரை நிரப்பினால், வெளியேறும் ஈரம் துண்டுகளுக்கு இடையே சிக்கி, உணவு முறுகாமல் ஆவியில் அவிந்துவிடும். துண்டுகள் வெளிறி, தொட்டால் மென்மையாக இருந்தால் கூடை நெரிசலாக இருந்தது என அறியலாம்.

கூடையின் அடிப்பகுதி 20 செ.மீ. சதுரம் எனக் கொள்வோம். அதன் பரப்பு 400 சதுர செ.மீ. ஒரு மீன் துண்டு 8 செ.மீ. நீளமும் 6 செ.மீ. அகலமும் இருந்தால், இடைவெளி விட்டு அடுக்கும்போது அக்கூடையில் ஆறு துண்டுகளே அமையும். ஐந்து பேருக்குத் தலா இரண்டு துண்டு என்றால் இருமுறை வைத்து எடுக்க வேண்டும். ஒருமுறைக்கு 14 நிமிடம் எனக் கொண்டால் மொத்தம் 28 நிமிடம் ஆகும்.

இப்போது வீட்டிலுள்ள தோசைக்கல்லை நினைத்துப் பார்ப்போம். 30 செ.மீ. விட்டமுள்ள கல்லின் பரப்பு ஏறத்தாழ 707 சதுர செ.மீ. அதில் அதே பத்துத் துண்டுகளையும் நெருக்கமாக ஒரே முறையில் அடுக்கிவிடலாம். அங்கு வெப்பம் அடியிலிருந்து வருவதால் துண்டுகள் அருகருகே இருந்தாலும் குறையில்லை. மூன்று நான்கு கரண்டி எண்ணெயில், இருபுறமும் திருப்பி, கால்மணி நேரத்திற்குள் வறுவல் ஆகிவிடும். எனவே, காற்றுப் பொரிப்பான் தரும் சேமிப்பை அறிய அதைத் தோசைக்கல்லுடன் ஒப்பிட வேண்டிய இடமும் உண்டு. எண்ணெய்ச் சட்டியுடன் ஒப்பிட வேண்டிய இடமும் உண்டு. ஒரு வீட்டில் மீன் கல்லில்தான் வறுக்கப்படுகிறது என்றால், அங்குப் பொரிப்பானால் குறையும் எண்ணெய் மிகச் சிறிதே.

மூழ்கப் பொரிக்கும் பண்டங்களிலும் எல்லாம் இதற்கு இசைவதில்லை. பஜ்ஜி மாவும் உளுந்து வடை மாவும் இளகியவை. அவை கொதிக்கும் எண்ணெயில் விழுந்த நொடியிலேயே மேற்புறம் இறுகி உருவம் பெறுகின்றன. காற்றுக்கு அந்த விரைவு இல்லை. மாவு இறுகுவதற்குள் கூடையின் துளைகள் வழியே வழிந்துவிடும். அப்பளம் போன்ற எடையற்ற பொருள்கள் காற்றின் விசையால் எழும்பிச் சூட்டுக்கம்பியைத் தொட்டுக் கருகவும் கூடும். மாறாக, மசாலா பூசிய சேப்பங்கிழங்கு, உருளைக்கிழங்கு, கருணைக்கிழங்கு போன்ற உலர்ந்த மேற்பரப்புடைய பண்டங்கள் ஒரு கரண்டி எண்ணெயில் இதில் நன்கு முறுகும். நேற்றைய வடை, சமோசா ஆகியவற்றின் இழந்த முறுகலை மீட்கவும் இது ஏற்றது. இடையில் ஒருமுறை கூடையை வெளியே இழுத்துக் குலுக்கிவிட வேண்டும்.

ஓ.டி.ஜி.: தட்டே அளவு

ஓ.டி.ஜி. மூன்றிலும் பழைய வழியைச் சேர்ந்தது. ரொட்டி சுடும் அடுமனை அடுப்பின் சிறுவடிவம் எனலாம். அதன் உலோகப் பெட்டிக்குள் மேலும் கீழும் சூட்டுக்கம்பிகள் உள்ளன. கம்பிகளின் அனலும் உள்ளிருக்கும் சூடான காற்றும் உணவை மெல்லச் சுடுகின்றன. கேக், பிஸ்கட், ரொட்டி ஆகியவற்றுக்கு வேண்டியது இந்த நிதானமான, நாற்புறச் சூடே.

இதில் நேரம் உணவின் அளவுக்கு ஏற்பப் பெரிதும் மாறுவதில்லை. உள்ளறையை முதலில் 10 முதல் 15 நிமிடம் வரை சூடேற்றிக்கொள்ள வேண்டும். பிறகு, தட்டில் ஆறு பிஸ்கட் வைத்தாலும் இருபது வைத்தாலும் ஏறத்தாழ ஒரே நேரந்தான். ஆகவே, தட்டு நிறைய உணவு இருக்கும்போது இக்கருவி சிக்கனமானது. ஒரு துண்டு ரொட்டிக்காகப் பெட்டி முழுவதையும் காய்ச்சும்போது வீணானது. சோற்றையோ குழம்பையோ சூடாக்குவதற்கு இதை நாடுவது பொருத்தமற்றது. அவை சூடேறும் முன்பே மேற்பரப்பு காய்ந்துபோகும்.

லிட்டர் அளவு இங்கும் உள்ளறையின் கன அளவையே குறிக்கிறது. ஆயினும், இக்கருவியில் அது ஒருவகையில் பயனுள்ள குறிப்பாகும். பெட்டி மிகச் சிறிதாயின் மேற்கம்பி உணவுக்கு மிக நெருங்கிவிடும். கேக்கின் மேற்புறம் கருகும்போது நடுப்பகுதி மாவாகவே இருக்கும். 9 லிட்டர் அளவுள்ள பெட்டிகள் ரொட்டியை வாட்டப் போதும். கேக்குக்கு ஏற்றவை அல்ல. 20 செ.மீ. வட்டத் தட்டை நடுவில் வைத்து, சுற்றிலும் காற்று உலவ இடம் விட வேண்டுமாயின் 20 லிட்டரேனும் வேண்டும். நான்கைந்து பேருக்கு உரிய ஒரு தட்டு உணவைச் சுட 25 முதல் 30 லிட்டர் வரை பொருந்தும். விலை கொடுக்கும் முன், வீட்டுத் தட்டின் அளவைக் குறித்துச் சென்று உள்ளே வைத்துப் பார்ப்பது நன்று.

தெரிந்து தெளிவோம்

அமெரிக்கப் பொறியாளர் பெர்சி ஸ்பென்சர், ரேடார் கருவிகளுக்கான மேக்னட்ரான் குழல்களில் பணியாற்றியவர். நுண்ணலையால் உணவைச் சூடாக்கும் முறைக்கு அவர் 1945ஆம் ஆண்டு காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். உணவு சிவந்து மணம் பெறும் வேதிவினையை 1912ஆம் ஆண்டு விளக்கியவர் பிரெஞ்சு அறிவியலாளர் லூயி கமீல் மயார். அவ்வினை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. நுண்ணலை அடுப்பில் இல்லாததும் தோசைக்கல், காற்றுப் பொரிப்பான், ஓ.டி.ஜி. ஆகியவற்றில் இருப்பதும் மயார் வினையே.

ஒரு குடும்பத்தின் கணக்கு

மேற்கண்டவற்றை ஒரு வீட்டில் பொருத்திப் பார்ப்போம். திருநெல்வேலியில் ஐவர் கொண்ட குடும்பம் ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். தந்தை பேருந்து ஓட்டுநர். வாரத்தில் ஐந்து நாள் இரவு பத்து மணிக்கு மேல் வீடு திரும்புவார். தாய் துணிக்கடையில் காலை ஒன்பது முதல் இரவு ஏழு வரை பணி செய்கிறார். மகள் பதினொன்றாம் வகுப்பிலும் மகன் எட்டாம் வகுப்பிலும் படிக்கின்றனர். 72 அகவை உடைய பாட்டிக்குக் கைந்நடுக்கம் உண்டு. அவர் தனியாக இருக்கும் பகற்பொழுதில் எரிவாயு அடுப்பைப் பற்றவைக்க வேண்டாம் எனக் குடும்பத்தார் கூறிவிட்டனர். எனவே, காலையில் வடித்த சோற்றையும் குழம்பையும் அவர் ஆறிய நிலையிலேயே நண்பகலில் உண்டு வருகிறார்.

சீட்டுப் பணம் முதிர்ந்தபோது, கருவி ஒன்று வாங்க அக்குடும்பம் முடிவு செய்தது. எண்ணெய் குறையும் என்பதால் 4 லிட்டர் காற்றுப் பொரிப்பான் வாங்கலாம் என்பது முதல் எண்ணம். கேக் சுடலாம் என்பதால் ஓ.டி.ஜி. வேண்டும் என்பது மகனின் விருப்பம். வாங்கும் முன், ஒரு வாரத்தின் சமையலை நாட்காட்டித் தாளின் பின்புறம் எழுதிப் பார்த்தனர்.

முதலில் சோறு, இட்லி, சாம்பார், இரசம், பொரியல் ஆகியவற்றை எழுதி, அவற்றை அடித்துவிட்டனர். இவை ஐவருக்கும் சேர்த்து அடுப்பில் ஆகும் பணிகள். மூன்று கருவிகளில் எதுவும் இவற்றை எளிதாக்கப் போவதில்லை.

எஞ்சியவற்றை மூன்று வரிசையாகப் பிரித்தனர். முதல் வரிசை, ஒருவருக்கோ இருவருக்கோ உணவைச் சூடாக்குதல். பாட்டிக்கு நண்பகலில் ஆறு முறை, தந்தைக்கு இரவில் ஐந்து முறை, பள்ளியிலிருந்து திரும்பும் பிள்ளைகளுக்கு மாலையில் ஐந்து முறை என வாரத்திற்குப் பதினாறு முறை வந்தது. இரண்டாம் வரிசை, வறுத்தலும் பொரித்தலும். ஞாயிற்றுக்கிழமை மீன், ஒரு மாலையில் உளுந்து வடை, ஒரு நாள் சேப்பங்கிழங்கு வறுவல் என மூன்று வந்தன. மூன்றாம் வரிசை, சுடுதல். பிறந்தநாள்களுக்குக் கேக் என ஆண்டுக்கு நான்கைந்து முறை.

இரண்டாம் வரிசையை மீண்டும் பார்ப்போம். மீன் தோசைக்கல்லில் ஒரே முறையில் ஆகிறது. காற்றுப் பொரிப்பானில் இருமுறை வைக்க வேண்டும். உளுந்து வடை மாவு கூடையில் நில்லாது. எஞ்சுவது சேப்பங்கிழங்கு மட்டுமே. பொரிப்பான் இவ்வீட்டில் வாரத்திற்கு ஒருமுறை, அதுவும் ஐந்து பேருக்கு இரண்டு தவணையாகப் பயன்படும். ஆக, பதினாறு, ஒன்று, ஏறத்தாழச் சுழியம் என்பதே மூன்று கருவிகளுக்கும் இவ்வீட்டில் உள்ள வாராந்திர வேலை.

இவ்வெண்ணிக்கை நுண்ணலை அடுப்பைச் சுட்டுகிறது. ஆயினும், எண்ணிக்கையைக் காட்டிலும் வலுவான காரணம் ஒன்று அந்தத் தாளில் இருந்தது. பதினாறில் ஆறு, பாட்டியுடையவை. தீயைப் பற்றவைக்காமல் அவர் தாமே சூடாக உண்ண வழி செய்வது அக்கருவி ஒன்றே. ஒருவருக்கான உணவே ஒவ்வொரு முறையும் உள்ளே செல்வதால் 20 லிட்டர் சோலோ வகையே போதும். பெரிய குடும்பம் என்பதற்காக 28 லிட்டர் தேவையில்லை.

சூடாக்குதல், சுடுதல் இரண்டையும் செய்யும் கன்வெக்ஷன் வகை நுண்ணலை அடுப்பும் உண்டு. அதன் விலை கூடுதல். ஒரு நேரத்தில் ஒரு பணியையே அது செய்யும். சுட்டு முடித்த பின் உள்ளறை நெடுநேரம் கொதித்துக்கொண்டிருக்கும். ஆண்டுக்கு நான்கைந்து கேக்குக்காக அந்தச் சூட்டுச் சுவர்களை நடுங்கும் கைகளின் அருகே வைக்க வேண்டியதில்லை என அக்குடும்பம் கருதியதும் பொருத்தமே.

தாளில் ஒரு வரி மாறினால் விடையும் மாறிவிடும். மூன்றே பேர் உள்ள வீட்டில், வாரத்திற்கு நான்கு மாலை கிழங்கு வறுவலும் மசாலாக் கடலையும் செய்யப்படுமாயின் 4 லிட்டர் காற்றுப் பொரிப்பான் அங்கு நாள்தோறும் உழைக்கும். வீட்டில் பிஸ்கட் சுட்டு அக்கம்பக்கத்தாருக்கு விற்பவருக்குத் தட்டு நிறைய வைக்கும் ஓ.டி.ஜி.யே வருவாய் தரும்.

வாங்கிய பின் தேவைப்படுபவை

கருவியின் விலையோடு செலவு முடிவதில்லை. முதலாவது, பாத்திரம். நம் அடுக்களைகளில் பெரும்பாலானவை எவர்சில்வர் பாத்திரங்கள். உலோகம் நுண்ணலைகளைத் திருப்பி அனுப்புவதால் உள்ளிருக்கும் உணவு சரிவரச் சூடேறாது. தீப்பொறி பறக்கவும் கூடும். அலுமினியத் தாளும் சரிகைக் கரையிட்ட பீங்கானும் அவ்வாறே. ஆகவே, நுண்ணலைக்கு ஏற்றது எனக் குறியிடப்பட்ட கண்ணாடிக் கிண்ணங்கள் இரண்டும் பீங்கான் தட்டு ஒன்றும் உடன் வாங்க வேண்டும். ஓ.டி.ஜி.யில் இக்கட்டுப்பாடு இல்லை. எவர்சில்வர், அலுமினியத் தட்டுகள் அதில் பயன்படும். அங்கு விலக்க வேண்டியவை நெகிழிப் பொருள்கள்.

இரண்டாவது, மின்செருகி. மின்விசிறிக்கும் கைப்பேசிக்கும் பயன்படும் சிறிய செருகி 6 ஆம்பியர் அளவுடையது. 230 வோல்ட்டில் அது தாங்குவது 1,380 வாட். நுண்ணலை அடுப்பின் பெட்டியில் உள்ள 800 வாட் என்பது உணவுக்குச் செல்லும் ஆற்றல். மின்கம்பியிலிருந்து அது இழுப்பது ஏறத்தாழ 1,200 வாட். காற்றுப் பொரிப்பானும் ஓ.டி.ஜி.யும் 1,500 வாட் அளவைத் தொடலாம். ஆகவே, இவற்றுக்குத் தனியான 16 ஆம்பியர் செருகியே பாதுகாப்பானது. மிக்சி ஓடும் நீட்டிப்புப் பலகையில் இவற்றையும் சேர்த்துச் செருகினால் பலகை சூடேறும். செருகியைத் தொட்டால் கை சுடுவதும் நெகிழி தீயும் வாடையும் அதன் அறிகுறிகள். நாம் கண்ட குடும்பத்தின் அடுக்களையில் 6 ஆம்பியர் செருகிகள் மட்டுமே இருந்தமையால், மின்பணியாளரின் கூலியும் கம்பியின் விலையும் அதே சீட்டுப் பணத்தில் ஒதுக்கப்பட்டன.

மூன்றாவது, பயன்படுத்துவோரின் கை. வழுவழுப்பான தொடுபலகை உள்ள அடுப்பைவிட, சூட்டின் அளவுக்கு ஒன்றும் நேரத்திற்கு ஒன்றுமாக இரண்டு திருகுகள் உள்ள அடுப்பே பாட்டிக்கு எளிது. அதைக் குளிர்பதனப் பெட்டியின் தலைமேல் வைத்தால் சூடான குழம்பைத் தலைக்கு மேலிருந்து இறக்க நேரும். இடுப்பளவு உயர மேடையே உரிய இடம். காலையிலேயே ஒரு வேளைச் சோற்றையும் குழம்பையும் தனித்தனிக் கிண்ணங்களில் இட்டு, குளிர்பதனப் பெட்டியில் வைத்துச் செல்ல வேண்டும். சூடாக்கும்போது மூடியை இறுக்காமல் சாய்வாக வைப்பதும், எடுத்த பின் அதை முகத்திற்கு எதிர்ப்புறமாகத் திறப்பதும் ஆவி சுடுவதைத் தவிர்க்கும். ஓட்டுடன் கூடிய முட்டையையும் இறுக மூடிய பாத்திரத்தையும் ஒருபோதும் உள்ளே வைத்தலாகாது. உள்ளே பெருகும் ஆவி அவற்றை வெடிக்கச் செய்யும். வெறுமையாக அடுப்பை இயக்குவதும் கூடாது. ஈர்த்துக்கொள்ள உணவு இல்லாதபோது அலைகள் திரும்பிச் சென்று மேக்னட்ரானைப் பழுதாக்கும்.

லிட்டர் என்பது பெட்டியின் வயிற்றை மட்டுமே அளக்கிறது. எத்தனை பேருக்கு, என்ன உணவு, எந்த வேளையில், யார் கையால் என்பவற்றை அட்டைப்பெட்டியில் எவரும் அச்சிட்டுத் தர இயலாது. அவை நாட்காட்டித் தாளின் பின்புறத்தில், அந்தந்த வீட்டார் கையெழுத்தில்தான் கிடைக்கும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டில் ஒரு வாரத்தில் நடைபெறும் சமையற்பணிகளை எழுதி, சூடாக்குதல், வறுத்தல் அல்லது பொரித்தல், சுடுதல் என வகைப்படுத்துக. எவ்வகை மிகுதி என்பதைக் கூறுக.

2. பழைய செய்தித்தாளில் 20 செ.மீ. சதுரம் ஒன்றையும் உங்கள் வீட்டுத் தோசைக்கல்லின் வட்டத்தையும் வெட்டி எடுக்க. அவற்றின்மேல் ஒரே அளவான துண்டுகளை அடுக்கி, எண்ணிக்கையை ஒப்பிடுக.

3. 900 வாட் வெளியீடு உள்ள நுண்ணலை அடுப்பில், 30° வெப்பநிலையில் உள்ள 500 கிராம் தண்ணீர் 100° அடைய எவ்வளவு நேரம் ஆகும் எனக் கணக்கிடுக.